14 பக்க எஸ்.ஓ.பி., ஒரு பக்க அட்டை: மோல்டு மாற்றும் வேலையை வைத்து ஒரு விளக்கம்

பிளாஸ்டிக் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் ஷாப்பில் மோல்டு மாற்றுவதற்கு ஒரு எஸ்.ஓ.பி. இருக்கும், அதாவது வேலையைப் படிப்படியாக எழுதிவைத்த ஆவணம். 14 பக்கம், 60 படிகள், முதல் பக்கத்தில் மூன்று பேர் கையெழுத்து. அது குவாலிட்டி ஆபீஸ் அலமாரியில் பத்திரமாக இருக்கும். மெஷின் பக்கத்தில் நிற்கிறவரோ இரண்டு கையிலும் கிரீஸோடு, ஹாயிஸ்ட்டில் அரை டன் மோல்டைத் தொங்கவிட்டுக்கொண்டு, அடுத்து என்ன என்று யோசிப்பார். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைக் குறைக்கத்தான் மெஷினில் மாட்டும் அட்டை. பெரும்பாலும் ஏ5 அளவு, ஒரு பக்கம் மட்டும் அச்சு, லேமினேஷன், கண் உயரத்தில் தொங்கும். சில கம்பெனிகளில் இதைக் குறிப்பு அட்டை என்பார்கள், சில இடங்களில் வெறுமனே கார்டு.

இந்த அட்டை வேலை கற்றுக்கொடுக்காது. மோல்டு மாற்றத் தெரியாத ஒருவர் இதைப் படித்துவிட்டு மாற்றிவிட முடியாது, முடியவும் கூடாது. ஏற்கெனவே தெரிந்தவருக்கு, அவர் வழக்கமாக வழுக்குகிற இடத்தில் மட்டும் கைகொடுப்பதுதான் அதன் வேலை. இதை மறந்துவிட்டு எழுதப்படும் அட்டைகள்தான் பாதிக்குப் பாதி. 14 பக்கத்தையும் எழுத்தைச் சின்னதாக்கி ஏ4 தாளின் இரண்டு பக்கத்திலும் அடைத்து, ‘சுருக்கம்’ என்று தலைப்புப் போட்டு மாட்டுவார்கள். அது சுருக்கமும் இல்லை, அதை யாரும் படிப்பதும் இல்லை.

எதை வைப்பது, எதை விடுவது

எஸ்.ஓ.பி.யைக் கையில் எடுத்துக்கொண்டு வரி வரியாக அடித்துக் குறைப்பது தவறான தொடக்கம். முதலில் மெஷின் பக்கத்தில் நின்று, வெவ்வேறு ஷிப்டில், மோல்டு மாற்றும் வெவ்வேறு செட்டர் செய்வதை மூன்று தடவையாவது பார்க்க வேண்டும். கூடவே பிரேக்டவுன் ரெஜிஸ்டரையும் ரிஜெக்‌ஷன் ரெஜிஸ்டரையும் ஆறு மாதத்துக்குப் புரட்ட வேண்டும். மோல்டு மாற்றிய முதல் ஒரு மணி நேரத்தில் என்னென்ன கோளாறு வந்திருக்கிறதோ, அட்டையில் வர வேண்டியதில் பாதி அங்கேயே இருக்கும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க அரசு, தொழிற்சாலை சூப்பர்வைசர்களுக்காக ‘டிரெயினிங் விதின் இண்டஸ்ட்ரி’, சுருக்கமாக டி.டபிள்யூ.ஐ., என்ற பயிற்சித் திட்டத்தை நடத்தியது. புதியவருக்கு வேலை கற்றுத்தருமுன் சூப்பர்வைசர் ஒரு தாளில் இரண்டு பத்தி போட வேண்டும். ஒன்றில் முக்கியமான படிகள், இன்னொன்றில் ஒவ்வொரு படியிலும் உள்ள சூட்சுமம். எது சூட்சுமம் என்பதற்கு அவர்கள் வைத்த அளவுகோல் இன்றைக்கும் கைகொடுக்கிறது. தப்பினால் வேலை கெட்டுப்போகுமா? செய்கிறவருக்கு அடிபடுமா? தெரிந்தால் வேலை சுலபமாகுமா? மூன்றில் எதற்கும் ‘ஆமாம்’ வரவில்லை என்றால் அந்த வரி அட்டைக்கு வேண்டாம். ‘ஹெல்மெட், ஷூ அணிந்திருப்பதை உறுதி செய்யவும்’, ‘பணியிடத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவும்’ மாதிரி வரிகள் எஸ்.ஓ.பி.யில் இருக்கட்டும், பயிற்சியில் சொல்லட்டும். அட்டையில் அவை ஒரு வரிக்கான இடத்தைத் தின்னும். அதைவிட மோசம், பழகிப்போன வரிகளைத் தாண்டிப் படிக்கும் கண், பக்கத்தில் இருக்கும் உண்மையான எச்சரிக்கையையும் சேர்த்தே தாண்டிவிடும்.

ஒரு பட்டை, இரண்டு இடம்

மோல்டுக்கு இரண்டு பாதி. மெஷினில் மோல்டைத் தாங்கும் இரண்டு கனமான தட்டுகள்தான் பிளேட்டன். ஒரு பாதி நிலையான பிளேட்டனில் உட்காரும், இன்னொன்று நகரும் பிளேட்டனில். இறக்கும்போது இரண்டையும் சேர்த்து ஒரே கட்டையாகத் தூக்குவோம். தூக்கும் ஐ போல்ட் பெரும்பாலும் ஒரு பாதியில்தான் இருக்கும். இன்னொரு பாதி வெறும் கைடு பின்னை நம்பித் தொங்கினால், கொஞ்சம் சாய்ந்தாலும் வழுக்கி விழும். அதற்காகத்தான் இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடிக்கிற இரும்புப் பட்டை, மோல்டு லாக் ஸ்ட்ராப். ஷாப்பில் ‘பட்டை’ என்றாலே போதும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பட்டை இல்லாமல் தூக்குவது எவ்வளவு ஆபத்தோ, பட்டையோடு மெஷினைத் திறப்பதும் அவ்வளவு ஆபத்து. புது மோல்டை ஏற்றி, அதைப் பிளேட்டனோடு பிடிக்கும் கிளாம்ப் எல்லாம் இறுக்கி, பட்டையைக் கழற்ற மறந்து மோல்டு ஓப்பன் அழுத்தினால், மெஷின் தன் முழுத் திறப்பு விசையோடு இழுக்கும். பட்டையின் போல்ட் தெறிக்கும், அல்லது பட்டை தாங்கிக்கொண்டு கிளாம்ப் பிடுங்கிக்கொள்ளும். இரண்டாவது நடந்தால் மோல்டின் ஒரு பாதி பிளேட்டனை விட்டு வந்துவிடும்.

14 பக்க எஸ்.ஓ.பி.யில் ‘பட்டையை மாட்டவும்’ 3ஆம் பக்கத்தில் இருக்கும், ‘பட்டையைக் கழற்றவும்’ 11ஆம் பக்கத்தில் இருக்கும். இரண்டும் சாதாரண எழுத்தில், மற்ற ஐம்பத்தெட்டுப் படிகளோடு ஒன்றாக. படித்துப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் போடுவதும் எடுப்பதும் ஒரே விஷயத்தின் இரண்டு முனை என்பது கண்ணுக்குத் தெரியாது. அட்டையில் இரண்டையும் ஒரே பக்கத்தில், ஒரே சிவப்பு முக்கோணத்தோடு போட்டால், ஒன்றைப் பார்க்கும்போதே மற்றது நினைவுக்கு வரும். பட்டைக்கும் அதே சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டால் இன்னும் நல்லது. மெஷினில் சிவப்பு தெரிந்தால் திறக்கக் கூடாது என்பது படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்.

24 மி.மீ. என்பதை 12 சுற்று ஆக்குவது

இன்னொரு இடம், கிளாம்ப் போல்ட். எஸ்.ஓ.பி.யில் இப்படி இருக்கும்: ‘போல்ட்டின் மரை ஈடுபடும் நீளம் அதன் விட்டத்தைப்போல் குறைந்தபட்சம் 1.5 மடங்கு இருத்தல் வேண்டும்.’ சரியான விதிதான். எம்16 போல்ட் என்றால் 24 மி.மீ. பிளேட்டன் ஓட்டைக்குள் போய்விட்ட மரையை யார், எதை வைத்து அளப்பது? அளக்க முடியாத எண்ணை அட்டையில் போட்டால் அது அலங்காரம்தான்.

எம்16 சாதாரண மரையில் ஒரு சுற்றுக்குப் போல்ட் 2 மி.மீ. உள்ளே போகும். 24ஐ 2ஆல் வகுத்தால் 12. ஆகவே அட்டையில் ‘போல்ட் கையால் 12 சுற்று, பிறகு ஸ்பேனர்’ என்று எழுதினால் போதும். மரை பிடித்த இடத்திலிருந்து எண்ண வேண்டும். ஏழெட்டுச் சுற்றிலேயே கிளாம்ப்பில் முட்டி நின்றால் போல்ட் கட்டை, நீளமானதை எடுக்க வேண்டும். அப்படியே இறுக்கினால் பிளேட்டனின் மரை உரிந்துவரும். அதைச் சரிசெய்வது அரை நாளில் முடிகிற வேலை இல்லை. எம்20க்கும் எம்24க்கும் கணக்குப் போட்டாலும் இதே 12தான் வரும். எம்20க்கு 30 மி.மீ., சுற்றுக்கு 2.5. எம்24க்கு 36 மி.மீ., சுற்றுக்கு 3. ஷாப்பில் மூன்று அளவு மெஷின் இருந்தாலும் ஒரே எண்ணை வைத்துக்கொள்ளலாம்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. போல்ட் அதிக நீளமாக இருந்தால், கிளாம்ப்பை அழுத்துவதற்கு முன்பே ஓட்டையின் அடியில் முட்டிவிடும். ஸ்பேனருக்கு நல்ல இறுக்கமாகத் தெரியும், மோல்டுக்குப் பிடியே இருக்காது. கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. இறுக்கிய பிறகு வாஷரை விரலால் திருப்பிப் பார்க்க வேண்டும். திரும்பினால் போல்ட் அடியில் முட்டியிருக்கிறது. ‘வாஷர் திரும்பக் கூடாது’ என்ற மூன்று சொல்லுக்கு அட்டையில் இடம் உண்டு. ஆனால் ஏன் என்ற விளக்கத்துக்கு இடம் இல்லை, அது பயிற்சியில் சொல்ல வேண்டியது. அட்டையில் ஒரு வரி நிற்கிறதென்றால், அதன் பின்னால் பயிற்சியில் பத்து நிமிடம் பேசப்பட்டிருக்க வேண்டும்.

அட்டை இப்படி இருக்கும்

150 டன் மெஷினுக்கான ஒரு மாதிரி இது. ‘பூட்டு’ என்று வரும் இடத்தில் மெயின் ஐசொலேட்டரை ஆஃப் செய்து, சொந்தப் பூட்டு போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று பொருள். ▲ என்பது பட்டை.

இறக்க

1. ஹாப்பர் ஷட்டரை மூடவும். நாஸிலைப் பின்னால் எடுத்து, பேரலைக் காலி செய்யவும்.
2. சில்லர் தண்ணீரை நிறுத்தவும். மோல்டில் ஈரம் இல்லையா? துரு எண்ணெய் அடிக்கவும்.
3. எஜெக்டர் முழுதும் பின்னால். மோல்டை மூடவும்.
4. ▲ பட்டை போடவும், 2 போல்ட்.
5. ஐ போல்ட் தோள் வரை. செயினைத் தொய்வு போகும் வரை மட்டும் தூக்கவும்.
6. பூட்டு. ஹோஸ், எஜெக்டர் ராடு, கிளாம்ப் கழற்றவும்.
7. பூட்டை எடுத்து, பிளேட்டனை மெதுவாகத் திறக்கவும். மோல்டைத் தூக்கவும்.

ஏற்ற

8. பூட்டு. இரண்டு பிளேட்டனையும் துடைத்து, விரலால் தடவிப் பார்க்கவும்.
9. லொக்கேட்டிங் ரிங் உட்கார்ந்ததா? நிலைப் பக்கம் 4 கிளாம்ப். போல்ட் கையால் 12 சுற்று. வாஷர் திரும்பக் கூடாது.
10. பூட்டை எடுத்து, பிளேட்டனை மெதுவாக மோல்டோடு சேர்க்கவும். உயரம்: செட்டிங் ஷீட். பூட்டு. நகரும் பக்கம் 4 கிளாம்ப்.
11. ஹோஸ், எஜெக்டர் ராடு மாட்டவும். செயின் கழற்றவும். ▲ பட்டை கழற்றவும்.
12. பூட்டை எடுத்து, மெதுவாக 3 தடவை திறந்து மூடவும். கசிவு? உரசல் சத்தம்?

இதில் வெப்பநிலை, அழுத்தம், மோல்டு உயரம் எதுவும் இல்லை. அது வேண்டுமென்றே விட்டது. அவை மோல்டுக்கு மோல்டு மாறும், மெட்டீரியலுக்கு மெட்டீரியல் மாறும். மெஷினில் நிரந்தரமாகத் தொங்கும் அட்டையில் ஒரு மோல்டின் எண்ணை எழுதினால், அடுத்த மோல்டுக்கு அது பொய்யாகிவிடும். மாறும் எண்கள் மோல்டோடு வரும் செட்டிங் ஷீட்டில் இருக்க வேண்டும், மாறாதவை மெஷின் அட்டையில். இந்தக் கோட்டை முதலிலேயே போட்டுக்கொண்டால் பாதிச் சுருக்கம் தானாக நடந்துவிடும்.

2ஆம் வரியைப் பற்றி ஒரு வார்த்தை. குளிர்ந்த மோல்டின் மேல் காற்றின் ஈரம் படியும், குறிப்பாக மழைக்காலத்தில். அந்த ஈரத்தின் மேலேயே எண்ணெய் அடித்து மூடி ரேக்கில் வைத்தால், அடுத்த முறை திறக்கும்போது கேவிட்டியில் துருப் புள்ளி இருக்கும். அதனால்தான் அந்த வரி கட்டளையாக இல்லாமல் கேள்வியாக இருக்கிறது. பார்த்துவிட்டுச் செய்ய வேண்டியதையெல்லாம் கேள்வியாக எழுதினால் கை ஒரு நொடி நிற்கும்.

8ஆம் வரியில் ‘விரலால்’ என்ற சொல்லும் சும்மா வரவில்லை. பிளேட்டனுக்கும் மோல்டுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் குருணையோ இரும்புப் பிசிறோ மாட்டிக்கொண்டால் மோல்டு ஒரு பக்கமாகச் சாயும். பொருளில் ஒரு ஓரம் மட்டும் ஃபிளாஷ் வரும், அதாவது பிளாஸ்டிக் மெல்லிசாகப் பிதுங்கும். செட்டர் அழுத்தத்தைக் குறைத்துப் பார்ப்பார், கிளாம்ப் டன்னைக் கூட்டிப் பார்ப்பார், ஒன்றும் சரிவராது. துணியால் துடைத்தால் எண்ணெய் போகும், ஆனால் ஒட்டிக்கொண்ட பிசிறு போய்விட்டதா என்பது விரலுக்குத்தான் தெரியும்.

தமிழில் எழுதும்போது

நம் மொழியில் வினை கடைசியில்தான் வரும், மறுப்பும் அந்த வினையின் வாலில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். ‘பட்டையைக் கழற்றாமல் மோல்டைத் திறக்கக் கூடாது’ என்று எழுதினால், அவசரத்தில் படிக்கிறவர் கண்ணில் ‘மோல்டைத் திறக்க’ முதலில் படும், ‘கூடாது’ பிறகுதான் வரும். கூடவே ‘கழற்றாமல்’ என்ற இன்னொரு மறுப்பு வேறு. இதையே ‘முதலில் பட்டை கழற்றவும். பிறகு திறக்கவும்’ என்றால் குழப்பத்துக்கு வழியில்லை. எப்படியும் ஒரு தடை வேண்டும் என்றால் அதற்கு முன்னால் ஒரு சிவப்புக் குறுக்குக் கோட்டுப் படம் போட வேண்டும், மறுப்பு கண்ணுக்கு முதலில் தெரிந்துவிடும்.

மாறாக, நிபந்தனை முன்னால் வருவது தமிழுக்கு இயல்பு, அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ‘செயின் தொய்வு போனதும் கிளாம்ப்’ என்றால் வரிசை சொற்களிலேயே இருக்கிறது. எச்சரிக்கை எப்போதும் படிக்கு முன்னால் வர வேண்டும். ‘கிளாம்ப்பைக் கழற்றவும். குறிப்பு: அதற்கு முன் செயினில் இறுக்கம் இருக்க வேண்டும்’ என்று எழுதிய அட்டைகள் இருக்கின்றன. குறிப்பைப் படிக்கும்போது கிளாம்ப் கையில் இருக்கும்.

சொற்கள் ஷாப்பில் புழங்குவதாக இருக்கட்டும். ஸ்பேனரைத் திருகுசாவி என்றும் நாஸிலை நுனிக்குழாய் என்றும் எழுதினால் செட்டர் சிரிப்பார், பிறகு அட்டையைப் பார்க்கவே மாட்டார். ஸ்கிரீனில் தெரிகிற பட்டனின் பெயரை மட்டும் ஸ்கிரீனில் இருக்கிறபடியே, அதே எழுத்தில் போட வேண்டும். `EJECTOR BACK` என்று தெரிகிற இடத்தை மொழிபெயர்த்தால் தேட வேண்டியிருக்கும். ‘கழற்று, போடு’ என்று எழுதினால் வரி குறையும்தான், ஆனால் மூத்த செட்டரைச் சிறுவனை ஏவுவதுபோல் இருக்கும். ‘கழற்றவும்’ போதுமான மரியாதை, அதிக நீளமும் இல்லை. ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்கள் அதே மெஷினில் வேலை செய்தால் ஒரே அட்டையில் இரண்டு மொழியைத் திணிக்க வேண்டாம். எழுத்து பாதியாகிவிடும். படம், வரி எண், நிறம் மூன்றும் அப்படியே இருக்க, இந்தியில் இன்னொரு அட்டை அடித்துப் பக்கத்தில் மாட்டினால், ‘நாலாவது முடிஞ்சுதா?’ என்று இருவரும் எண்ணை வைத்தே பேசிக்கொள்ளலாம்.

எழுத்து அளவுக்குப் பொதுவாகப் புழங்கும் கணக்கு, படிக்கும் தூரத்தை 200ஆல் வகுப்பது. ஒரு மீட்டர் தூரத்துக்கு 5 மி.மீ. உயரம் வேண்டும். தமிழ் எழுத்தில் மேலே விசிறியும் கீழே சுழியும் தனி இடம் கேட்கும், ஆகவே 5 மி.மீ. என்பதை விசிறி, சுழி சேர்க்காமல் எழுத்தின் உடலுக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. அந்த அளவில் மாதிரியின் 12 வரி ஏ5இல் அடங்காது. எழுத்தைக் குறைக்கும் ஆசை வரும். குறைக்காமல் ஏ4 எடுங்கள், அல்லது இறக்குவதை ஒரு ஏ5இலும் ஏற்றுவதை இன்னொன்றிலும் போடுங்கள். பிரிக்கும்போது பட்டையின் இரண்டு முனையும் பிரிந்துவிடும். அதனால் இரண்டு அட்டையையும் ஒட்டினாற்போல் மாட்டுவது முக்கியம்.

வாயை மூடிக்கொண்டு பார்ப்பது

எழுதி முடித்த அட்டையைச் சோதிக்க, அதை எழுத உதவிய செட்டரைக் கூப்பிடக் கூடாது, அவருக்கு எல்லாம் தெரியும். வேறு ஷிப்டில் இருந்து பயிற்சி முடித்த ஒருவரைக் கூப்பிட்டு, அட்டையைக் கொடுத்து, ஆபத்து வந்தால் ஒழிய எதுவும் பேசாமல் பக்கத்தில் நிற்க வேண்டும். அவர் எந்த வரியில் நிற்கிறார், எதைத் திரும்பப் படிக்கிறார், எங்கே உங்கள் முகத்தைப் பார்க்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். மாதிரி அட்டையில் பெரும்பாலும் 10ஆம் வரியில் நிற்பார்கள். ‘சேர்க்கவும்’ என்றால் எவ்வளவு சேர்க்க? இடைவெளி தெரியாத அளவா, லேசாக அழுத்தும் அளவா? நான்கு மூலையிலும் ஒரு தாள் நுழையாத வரை என்று சேர்த்தால் கேள்வி தீர்ந்துவிடும்.

அட்டையை மதிக்காமல் வேறு வரிசையில் செய்கிறார் என்றால் உடனே அவரைத் திருத்தாமல், ஏன் என்று வேலை முடிந்தபின் கேளுங்கள். சிலசமயம் அவர் வரிசைதான் சரி. ஆனால் பூட்டு விஷயத்தில் இந்தத் தாராளம் கிடையாது. ஐசொலேட்டரை ஆஃப் செய்தால் ஹீட்டரும் அணைந்துவிடும், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறைந்துவிடும் என்று கதவைத் திறந்துவைத்துவிட்டு மட்டும் உள்ளே கை விடுவார்கள். 1ஆம் வரியில் பேரலைக் காலி செய்வதே இந்தச் சாக்கை எடுத்துவிடத்தான். ஹீட்டர் அணைந்தால் உள்ளே உறைய ஒன்றும் இருக்காது.

அட்டை கெட்டுப்போகும் விதம்

மெஷினில் ஏதாவது மாறும், எஸ்.ஓ.பி.யைத் திருத்துவார்கள், அட்டையை மறந்துவிடுவார்கள். உதாரணமாக, எஜெக்டர் ராடை விரைவாக மாட்டும் கப்ளிங் வந்தபின் 6ஆம் வரியின் வரிசையே மாறலாம். ஆறு மாதம் கழித்து அட்டை ஒன்று சொல்லும், மெஷின் ஒன்று கேட்கும். செட்டர் அட்டையை நம்புவதை நிறுத்திவிடுவார். அதோடு சரியாக இருக்கும் மற்ற 11 வரியும் போச்சு.

ஆகவே அட்டையின் வலது கீழ் மூலையில் மூன்று விஷயம் சிறிய எழுத்தில் இருக்க வேண்டும்: எந்த எஸ்.ஓ.பி.யின் எத்தனையாவது திருத்தத்திலிருந்து எடுத்தது, தேதி, இது எத்தனையாவது பிரதி. எஸ்.ஓ.பி. திருத்தப் படிவத்திலேயே ‘அட்டை மாற்ற வேண்டுமா?’ என்று ஒரு கட்டம் சேர்த்துவிட்டால் மறப்பது குறையும். புது அட்டையைக் கொடுக்கும்போது பழையதைக் கையில் வாங்கிக்கொண்டுதான் கொடுக்க வேண்டும். 8 மெஷினுக்கு 8 அட்டை போனால் 8 பழைய அட்டை திரும்பி வர வேண்டும். 7தான் வந்தது என்றால் ஒன்று யாருடைய டூல் பாக்ஸிலோ இருக்கிறது, நைட் ஷிப்டில் வெளியே வரும்.

திரும்பி வந்த அட்டைகளை வெட்டிப் போடுமுன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 9ஆம் வரிக்குப் பக்கத்தில் யாரோ மார்க்கரில் ‘3ம் நம்பர் மெஷின்: இடது கீழ் மரை லூஸ்’ என்று எழுதியிருப்பார்கள்.